மிக்ஸி வாங்கும் முன் அந்த ரிவ்யூ ஸ்கிரீன்ஷாட்டை எப்படிப் படிப்பது?

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வருகிறது. 750 வாட் மிக்ஸி, மூன்று ஜார், விலை 2,199 ரூபாய். மேலே 4.3 நட்சத்திரம், கீழே சிலர் எழுதிய பாராட்டு. "நல்லா இருக்கும் போல, வாங்கலாமா?" என்று அனுப்பியவர் கேட்கிறார். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடைக்குப் போனால் ஓடவிட்டுக் காட்டச் சொல்லலாம், சத்தத்தைக் கேட்கலாம், ஜார் மூடியை அழுத்திப் பார்க்கலாம். ஆன்லைனில் இந்த வேலை எல்லாவற்றையும் ரிவ்யூதான் நமக்காகச் செய்ய வேண்டும். அந்த ரிவ்யூவே காசு கொடுத்து எழுதவைத்ததாக இருந்தால் 2,199 ரூபாயோடு போகாது. திருப்பி அனுப்பும் அலைச்சலும் சேர்ந்துகொள்ளும்.

அப்படி ஒரு படத்தை எடுத்து, எண்ணிலிருந்து வாசகம் வரை எப்படிப் பிரித்துப் படிப்பது என்பதை இங்கே பார்க்கலாம். கீழே வரும் எண்களும் ரிவ்யூக்களும் விளக்கத்துக்காக அமைத்த மாதிரி. கால்குலேட்டர் உள்ள ஃபோன், ஒரு தாள், பேனா, அரைமணி நேரம் இருந்தால் போதும். செலவு எதுவும் கிடையாது.

1. படத்தில் இல்லாததை முதலில் தேடுங்கள்

ஸ்கிரீன்ஷாட் என்பது யாரோ ஒருவர் வெட்டி எடுத்த துண்டு. அனுப்பியவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஆப் முதலில் காட்டுவது பெரும்பாலும் அதுவே தேர்ந்தெடுத்த "Top reviews" வரிசையைத்தான். அதை அப்படியே படம் பிடித்தால் நல்லது மட்டும் தெரியும்.

ஆகவே அந்த மிக்ஸியின் பெயரை நீங்களே ஆப்பில் தட்டச்சு செய்து பக்கத்தைத் திறங்கள். மெசேஜோடு வந்த லிங்கைத் தொட வேண்டாம். பெரிய கடையின் பக்கம் போலவே தோற்றம் செய்த போலிப் பக்கங்கள் இப்படித்தான் கைக்கு வந்து சேர்கின்றன.

பக்கம் திறந்ததும் நான்கு விஷயங்களைத் தாளில் குறியுங்கள். 5 முதல் 1 நட்சத்திரம் வரை தனித்தனிப் பட்டைகள் காட்டும் சதவீதம், மொத்த ரேட்டிங் எத்தனை, எழுத்தில் ரிவ்யூ எத்தனை, விற்பவர் பெயர் என்ன. ரேட்டிங்கும் ரிவ்யூவும் ஒன்றல்ல. நட்சத்திரத்தை மட்டும் அழுத்திவிட்டு ஒரு வார்த்தையும் எழுதாமல் போகிறவர்களே அதிகம். "212 ratings, 41 reviews" என்று இருந்தால் நாம் படித்துச் சோதிக்க முடிவது அந்த 41 பேரை மட்டும்தான்.

2. சராசரியை ஓரமாக வைத்துவிட்டுப் பட்டைகளைப் பாருங்கள்

படத்தில் வந்த மிக்ஸியை 'அ' என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய அதே விலையில் இன்னொரு மிக்ஸி 'ஆ'.

| நட்சத்திரம் | மிக்ஸி அ (212 ரேட்டிங்) | மிக்ஸி ஆ (1,860 ரேட்டிங்) |
|---|---|---|
| 5 | 76% | 48% |
| 4 | 6% | 30% |
| 3 | 2% | 10% |
| 2 | 3% | 5% |
| 1 | 13% | 7% |

சராசரியை நீங்களே போட்டுப் பார்க்கலாம். நட்சத்திரத்தைச் சதவீதத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 100-ஆல் வகுக்க வேண்டும். 'அ'-வுக்கு 380 + 24 + 6 + 6 + 13 = 429, அதாவது 4.29. பக்கத்தில் 4.3 என்று காட்டும். 'ஆ'-வுக்கு 240 + 120 + 30 + 10 + 7 = 407, அதாவது 4.1.

நீங்கள் போட்ட கணக்கும் பக்கத்தில் உள்ள எண்ணும் சற்று வேறுபட்டால் பதற வேண்டாம். சதவீதங்கள் முழு எண்ணாக்கப்பட்டவை. மேலும் அமேசான் போன்ற தளங்கள் வெறும் சராசரியைப் போடுவதில்லை. எவ்வளவு புதிய ரேட்டிங், உண்மையில் வாங்கியவர் போட்டதா என்பதையெல்லாம் சேர்த்தே நட்சத்திரத்தைக் கணக்கிடுவதாக அவையே சொல்கின்றன.

மேலோட்டமாகப் பார்த்தால் 4.3-தான் உசத்தி. பட்டைகளைப் பார்த்தால் கதை மாறுகிறது. 'ஆ'-வில் படிக்கட்டு இறங்குவது போல 48, 30, 10 என்று குறைகிறது. பிடித்திருந்தாலும் ஒரு சின்னக் குறை உண்டு என்று 4 போட்டவர்கள் நிறைய. வீட்டுப் பொருள் வாங்கிய மனிதர்கள் இயல்பாகப் போடும் வடிவம் இது. 'அ'-வில் மேலே ஒரு பெரிய குவியல், கீழே ஒரு சின்னக் குவியல், நடுவில் 4-ம் 3-ம் சேர்ந்தே வெறும் 8%. பணம் வாங்கி ரேட்டிங் போடுகிறவர் 4 போடுவதில்லை, 5 தான் போடுவார். ஏமாந்தவர் கோபத்தில் 1 போடுவார். அதனால் நடு காலியாகிவிடுகிறது.

நடு காலியாக இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. தயாரிப்பில் சீர் இல்லாமல், ஒருவருக்கு நல்ல மிக்ஸியும் இன்னொருவருக்கு ஓடாத மிக்ஸியும் போனாலும் பட்டைகள் இப்படித்தான் வரும். இரண்டில் எது என்பதை வாசகங்களைப் படித்தால்தான் பிரிக்க முடியும். ஆனால் எதுவானாலும் உங்களுக்கு நல்லதல்ல. மிக்ஸி வாங்குகிறவர் பார்க்க வேண்டிய எண் 1 நட்சத்திரத்தின் பங்குதான். 'அ'-வில் 8 பேரில் ஒருவர் 1 போட்டிருக்கிறார். 'ஆ'-வில் 14 பேரில் ஒருவர்.

3. ரேட்டிங் எண்ணிக்கை குறைவாக இருந்தால்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 12 பேர் ரேட்டிங் போட்டு 4.8 என்று இருக்கிறது என வையுங்கள். 10 பேர் 5, 2 பேர் 4, கூட்டினால் 58. அடுத்து வாங்கிய இரண்டு பேர் 1 போட்டால் 60-ஐ 14-ஆல் வகுக்க வேண்டும், 4.3-க்கு இறங்கிவிடும். இரண்டே பேர் அரை நட்சத்திரத்தை விழுத்தாட்டும் இடத்தில் அந்த 4.8-ஐ நம்பி எதுவும் சொல்ல முடியாது. விற்பவரின் சொந்தக்காரர்களே 12 பேர் இருப்பார்கள். 50-க்குக் கீழே ரேட்டிங் உள்ள மின்சாதனத்தில் சராசரியைப் பார்க்காமல் நேரே வாசகங்களுக்குப் போய்விடுவதே நல்லது.

4. வாசகங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் படியுங்கள்

ஒவ்வொரு ரிவ்யூவையும் தனியாகப் படித்தால் எல்லாம் உண்மை போலவே இருக்கும். சேர்த்து வைத்தால்தான் இழை தெரியும். மாதிரிப் படத்தில் உள்ள ஐந்து இவை.

முதலாவது, 5 நட்சத்திரம், மார்ச் 3: "இந்த 750 வாட் 3 ஜார் மிக்ஸர் கிரைண்டர் பவர்ஃபுல் காப்பர் மோட்டாருடன் வருகிறது . எங்கள் சமையலறைக்குச் சரியான தேர்வு . நீடித்து உழைக்கும் ."

இரண்டாவது, 5 நட்சத்திரம், மார்ச் 4: "சரியான தேர்வு . பவர்ஃபுல் காப்பர் மோட்டார் . நீடித்து உழைக்கும் . குடும்பத்துக்கு ஏற்றது ."

மூன்றாவது, 5 நட்சத்திரம், மார்ச் 4: "நல்ல பொருள்."

நான்காவது, 5 நட்சத்திரம், மார்ச் 5: "நேற்றுதான் வந்தது. பேக்கிங் சூப்பர். பல வருடம் உழைக்கும்."

ஐந்தாவது, 3 நட்சத்திரம், ஜனவரி 18: "மூணு மாசமா ஓடுது. தேங்காய் நைசா அரையுது. சின்ன ஜார் மூடி லூஸ், சட்னி தெறிக்குது. சத்தம் ஜாஸ்தி."

முதல் இரண்டையும் பாருங்கள். வீட்டில் யாரும் மிக்ஸியை "750 வாட் 3 ஜார் மிக்ஸர் கிரைண்டர்" என்று சொல்வதில்லை. அது விற்பனைப் பக்கத்தின் தலைப்பு. மோட்டாருக்குள் இருப்பது செம்புக் கம்பிதானா என்று பிரித்துப் பார்க்காமல் எந்தச் சமையல்காரருக்கும் தெரியாது. அதுவும் விளம்பர வரிதான். பக்கத்தில் பொருளைப் பற்றி விற்பவர் எழுதிய குறிப்பைத் திறந்து, ரிவ்யூவில் உள்ள சொற்றொடர் அங்கே அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இருந்தால் எழுதியவர் மிக்ஸியைப் பார்த்து எழுதவில்லை, பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று கொள்ளலாம்.

இன்னும் நுணுக்கமான தடயம் முற்றுப்புள்ளியில் இருக்கிறது. இரண்டிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் ஓர் இடைவெளி. பெயர் வேறு, ஊர் வேறு, ஆனால் தட்டச்சுப் பழக்கம் ஒன்றே. ஒரே சொற்றொடர் வரிசையும் ஒரே பிழையும் இரண்டு பெயர்களில் வந்தால் அதுவே வலுவான அடையாளம். சொற்களை மாற்றச் சொல்லிக் கொடுப்பவர்கள்கூட இந்த இடைவெளியை மறந்துவிடுவார்கள்.

நான்காவதில் பிழை காலத்தில் இருக்கிறது. நேற்று வந்த மிக்ஸி பல வருடம் உழைக்கும் என்று இன்று எப்படித் தெரியும்? அட்டைப்பெட்டியைப் புகழ்ந்திருக்கிறார், எதை அரைத்தார் என்று சொல்லவில்லை. இப்படி ஒன்றிரண்டு இருந்தால் ஆர்வக்கோளாறு என்று விட்டுவிடலாம். ஒரே வாரத்தில் இப்படிக் குவிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவதைக் குற்றம் சொல்லாதீர்கள். பலர் தவறு செய்யும் இடம் இதுதான். "நல்ல பொருள்", "வேல்யூ ஃபார் மணி" என்று ஒற்றை வரி எழுதுவது நம் ஆட்கள் எல்லோரும் செய்வது. சுருக்கமும் எழுத்துப்பிழையும் போலிக்கு அடையாளம் அல்ல. அதில் தகவல் இல்லை, அவ்வளவுதான்; கணக்கில் சேர்க்காமல் தாண்டிப் போங்கள்.

ஐந்தாவது தங்கம். எத்தனை நாள் ஓடியது, என்ன அரைத்தது, எந்தப் பாகத்தில் குறை என்று மூன்றும் இருக்கின்றன. நூறு 5 நட்சத்திரத்தைவிட இந்த ஒரு 3 நட்சத்திரம் உங்களுக்கு அதிகம் சொல்கிறது.

தேதியையும் பார்க்கத் தவறாதீர்கள். வரிசையை "Most recent" என்று மாற்றி, மாதவாரியாக எத்தனை 5 நட்சத்திரம் என்று தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். ஜனவரியில் 3, பிப்ரவரியில் 4, மார்ச் முதல் வாரத்தில் மட்டும் 20 என்று வந்தால் அந்த வாரத்தை மட்டும் தனியே உட்கார்ந்து படியுங்கள். தள்ளுபடி விற்பனை நடந்த வாரத்திலும் ரிவ்யூ குவியும் என்பதையும் மனதில் வையுங்கள். ஆனால் அப்போது 4-ம் 3-ம் 1-ம் கலந்து வரும். 5 மட்டும் தனியே குவியாது.

5. "Verified Purchase" முத்திரை இருந்தால் போதுமா?

போதாது. கவனமாக வாங்குகிறவர்களும் வழுக்கி விழும் இடம் இது. அந்த முத்திரை, அந்தக் கணக்கிலிருந்து அந்தப் பொருள் வாங்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. வாங்கியவர் மனதில் பட்டதைத்தான் எழுதினார் என்று சொல்வதில்லை.

இரண்டு வழிகளில் இது நடக்கிறது. பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை வைத்து, "5 நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 100 ரூபாய் கேஷ்பேக்" என்று எழுதியிருப்பார்கள். உண்மையாக வாங்கியவர்தான், ஆனால் 100 ரூபாய்க்காக 5 போட்டவர். இன்னொன்று, டெலிகிராம் குழுக்களில் ஆள் சேர்த்து, முழு விலை கொடுத்து வாங்கச் சொல்லி, ரிவ்யூ வந்த பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. இரண்டிலும் முத்திரை சுத்தமாக இருக்கும். 1 நட்சத்திர ரிவ்யூக்களில் "அட்டை வந்தது", "கேஷ்பேக் தரவில்லை" என்ற சொற்களைத் தேடுங்கள். ஏமாந்தவர்கள் அங்கேதான் உண்மையைக் கொட்டியிருப்பார்கள்.

பக்கத்தில் மிக்ஸி இருக்க, ரிவ்யூ மொபைல் கவரைப் பற்றிப் பேசுகிறதா? பழைய பொருளின் பக்கத்தில் புதிய பொருளை ஏற்றி, சேர்ந்திருந்த நட்சத்திரத்தை அப்படியே கைப்பற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தப் பக்கத்தை அங்கேயே மூடிவிடலாம்.

6. சந்தேகமானதைக் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள்

'அ'-வில் 212 பேரைப் பிரித்தால் 5 போட்டவர்கள் 161, 4 போட்டவர்கள் 13, 3 போட்டவர்கள் 4, 2 போட்டவர்கள் 6, 1 போட்டவர்கள் 28. மொத்த நட்சத்திரம் 909.

எழுத்தில் உள்ள 5 நட்சத்திர ரிவ்யூக்களைப் படித்ததில் பாதி சந்தேகமானவை என்று வைப்போம். எழுதாமல் 5 அழுத்தியவர்களிலும் பாதி அப்படியே என்று தோராயமாக எடுத்து 80 பேரைக் கழிக்கலாம். இது துல்லியமான கணக்கல்ல, மோசமான நிலை எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்கான கணக்கு. 909-லிருந்து 400 போக 509. அதை 132-ஆல் வகுத்தால் 3.86.

80 பேரை நீக்கியும் நட்சத்திரம் 4.3-லிருந்து 3.9-க்கு மட்டுமே இறங்கியது. பார்க்க இன்னும் சுமாராகவே இருக்கிறது. ஆனால் 28 பேர் 1 போட்டது இப்போது 132-ல் 28, 21%. 8 பேரில் ஒருவர் என்றிருந்தது 5 பேரில் ஒருவர் ஆகிவிட்டது. போலி ரிவ்யூ நட்சத்திரத்தை உயர்த்துவதைவிடக் கெட்டுப்போன மிக்ஸிகளின் பங்கை மறைப்பதில்தான் அதிக வேலை செய்கிறது. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால் குரூப்பில் வந்த படத்துக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்துவிடும்.

7. 1 நட்சத்திரத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்

28 பேரையும் மூன்று கூறாகப் பிரியுங்கள்.

கூரியர் தாமதம், பெட்டி நசுங்கியது, வேறு நிறம் வந்தது என்பவை ஒரு கூறு. மிக்ஸியின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

"அரைக்கும்போதே நின்றுவிட்டது" என்பவை அடுத்த கூறு; இவற்றைக் கவனமாகப் படிக்க வேண்டும். தீயலுக்கு வறுத்த தேங்காயைத் தண்ணீர் விடாமல் நைசாகும் வரை ஓட்டினால் நல்ல மிக்ஸியும் சூடாகி நிற்கும். மோட்டார் எரியாமல் காக்க அடியில் ஓவர்லோடு பட்டன் வைத்திருப்பார்கள். சற்று ஆறவிட்டு அதை அழுத்தினால் மறுபடி ஓடும். இது தெரியாமல் 1 போட்டவர்கள் உண்டு. "நின்றது, பிறகு ஓடவே இல்லை", "எரிந்த வாடை வந்தது" என்றால் அது நிஜமான கோளாறு.

மூன்றாவது கூறு, ஒரே பாகத்தைப் பற்றி வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு ஆட்கள் தங்கள் சொற்களில் சொல்வது. கப்ளர் உடைந்தது, ஜார் அடியில் ஒழுகுகிறது என்று ஐந்தாறு பேர் சொன்னால் அது உறுதி. போட்டிக் கடைக்காரர்கள் எழுதவைக்கும் போலி 1 நட்சத்திரம் இப்படி இருக்காது. ஒரே நாளில் கூட்டமாக வரும், குறையைச் சொல்லாமல் வேறு பிராண்டின் பெயரைச் சொல்லி "அதை வாங்குங்கள்" என்று முடியும்.

நம் குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வசதி இருக்கிறது. மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் இங்கே நிறைய. திருவனந்தபுரம் பக்கத்து வீடுகளிலும் நம்மைப் போலவே தினமும் தேங்காய் அரைப்புதான். மலையாளத்தில் எழுதிய ரிவ்யூவைத் தேடிப் படித்தால், மிளகாய்ப்பொடி மட்டும் திரிக்கும் வீட்டு அனுபவத்தைவிட நமக்குப் பொருத்தமான தகவல் கிடைக்கும். கூடவே அந்த பிராண்டுக்கு நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ சர்வீஸ் சென்டர் உண்டா என்று நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பின்கோடு போட்டுப் பாருங்கள். விற்பவர் "ஆல் இந்தியா வாரண்டி" என்று எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

8. வாங்குவதென்றால் எதை எடுத்து வைப்பது, எத்தனை நாளுக்குள்

பணம் கட்டும் முன் மூன்று ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: பட்டைகள் தெரியும் பக்கம், விற்பவர் பெயரும் முகவரியும் உள்ள பக்கம், திருப்பி அனுப்பும் விதி. விதியில் பணம் திரும்பக் கிடைக்குமா, அல்லது மாற்றிக் கொடுப்பது மட்டுமா என்று பாருங்கள். மின்சாதனங்களில் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பது மட்டும்தான். அதற்கும் நாள் கணக்கு உண்டு. பால்காய்ச்சு வீட்டுக்குக் கொடுக்க வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்து, அந்த நாளில் திறந்து பார்க்கும்போது கெடு முடிந்திருப்பது அடிக்கடி நடக்கிறது. யாருக்குப் பரிசாகப் போவதானாலும் வந்த அன்றே பிரித்து ஓட்டிப் பாருங்கள். பிரிப்பதை முதல் நாடாவை வெட்டுவதிலிருந்து நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். ஜிஎஸ்டி பில்லை டவுன்லோடு செய்து வையுங்கள். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

பெட்டிக்குள் கேஷ்பேக் அட்டை இருந்தால் அதையும் படம் எடுத்து ஆப்பிலேயே புகார் செய்யுங்கள். விற்பவர் தன்னை வாங்கியவராகக் காட்டிக்கொண்டு ரிவ்யூ போடுவதை 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தடைசெய்கின்றன. ரிவ்யூக்களை எப்படிச் சேகரித்து வெளியிட வேண்டும் என்று IS 19000:2022 என்ற இந்தியத் தர அளவுகோலும் 2022-ல் வந்தது. ஆனால் அது தளங்கள் விரும்பினால் பின்பற்றுவதற்கானது என்று அறிவிக்கப்பட்டது. எனவே அதை நம்பி மேலே சொன்ன சோதனைகளை விட்டுவிட முடியாது.

பொருள் கெட்டு, விற்பவர் கையை விரித்தால், முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பெயரும் தொடர்பும் தளத்திலேயே இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. அதற்குள் நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை. அதிலும் முடியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பில், வீடியோ, அந்த மூன்று ஸ்கிரீன்ஷாட், தளத்துக்கு எழுதிய புகாரின் நகல் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.

ரிவ்யூ விஷயமாகத் தேடத் தொடங்கினால், "வீட்டிலிருந்தே ரேட்டிங் போட்டு தினம் சம்பாதிக்கலாம்" என்ற மெசேஜும் உங்கள் ஃபோனுக்கு வரக்கூடும். முதலில் சிறு தொகை கொடுத்து நம்பவைத்து, பிறகு "டாஸ்க்" திறக்கப் பணம் கட்டச் சொல்லும் மோசடி அது. பதில் எழுதாமல் பிளாக் செய்யுங்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் அன்றே, தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள்.